இடைவெளி குற்றமா?



நம் மக்கள் வாழும் ஸ்ரீராமபுரத்திலும், அல்சூரிலும், தங்கவயலிலும் சில ஆண்டுகளாக ஒரு புது வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிறது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் ஒரு பிறநாட்டுக் கொடி. அவ்வளவுதான் முதலீடு. மனைவி கனடாவில் இருப்பாள், கணவன் இங்கே இருப்பான். கணவனை நிரந்தரக் குடியிருப்புக்கு அழைத்துக்கொள்ள மனைவி பொறுப்பேற்று விண்ணப்பம் போட வேண்டும். படிவத்தைப் பார்த்ததும் தரகர் முகத்தைச் சுளிக்கிறார். "இந்தப் பதினேழு மாதம் வேலையே இல்லையா? கெட்டது காரியம். ஒரு கம்பெனி லெட்டர் வாங்கிப் போட்டுவிடலாம்" என்கிறார். "பதினொரு நாள் கூடத் தங்கிவிட்டாயா? அதை எழுதாதே. எழுதினால் தொலைந்தாய். எழுதித்தான் ஆகவேண்டுமென்றால் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு டாக்டர் சர்டிபிகேட் வைப்போம்" என்கிறார். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம்!

இந்த இரண்டு யோசனையும் நஞ்சு என்பதுதான் நான் சொல்லவந்தது. ஒழுக்கபோதனை செய்ய எனக்கு ஆசையில்லை. கனடாச் சட்டம் என்ன சொல்கிறது, அலுவலர் எதை எதோடு ஒத்துப் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டால், வேலையில்லாத மாதங்களை விட வேலை இருந்ததாகச் சொன்ன பொய்தான் கணவனையும் மனைவியையும் பிரித்துவைக்கிறது என்பது விளங்கும்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். மனைவியோ கணவனோ துணையை அழைக்கும் மனுவில், அழைப்பவருக்கு இவ்வளவு வருமானம் இருக்கவேண்டும் என்ற குறைந்தபட்ச வரம்பைக் கனடா பொதுவாக விதிப்பதில்லை. ஊனம் காரணமாக அல்லாமல் அரசின் உதவிப்பணத்தில் வாழ்பவர் அழைக்க முடியாது என்பதுபோன்ற தடைகள் உண்டு. ஆனால் வரப்போகிற கணவன் இடைவிடாமல் வேலை செய்திருக்கவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. புள்ளி போட்டு ஆள் எடுக்கும் திறன்தொழிலாளர் திட்டம் வேறு, குடும்ப வகுப்பு வேறு. அங்கே அனுபவ ஆண்டுகளுக்குப் புள்ளி உண்டு. இங்கே பார்ப்பது திருமணம் உண்மையானதா, ஆள் உள்ளே வரத் தடையேதும் உண்டா என்பதைத்தான். புள்ளித் திட்டத்துக்குப் படித்த பாடத்தைத் தரகர் குடும்ப மனுவிலும் ஒப்பிக்கிறார். அறியாமையா, வியாபாரமா என்பது அவருக்கே வெளிச்சம்.

அப்படியானால் வேலை விவரத்தை ஏன் கேட்கிறார்கள்? IMM 5669 என்று ஒரு படிவம் இருக்கிறது. அதில் கடந்த பத்து ஆண்டுகளின் தன்வரலாற்றை, அல்லது 18 வயது முடிந்த நாளிலிருந்து, எது பிந்தியதோ அதிலிருந்து, மாதவாரியாக எழுதச் சொல்கிறார்கள். இடையில் வெற்றிடம் விடக்கூடாது. வேலை இல்லையென்றால் வேலை இல்லை என்றே எழுதவேண்டும். படித்தால் படிப்பு, பயணமென்றால் பயணம், சிறையிலிருந்தால் சிறை. கேள்வி "நீ உருப்படியானவனா?" என்பதல்ல. "இந்தப் பத்து ஆண்டில் எந்த மாதம் எங்கே இருந்தாய், என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்பதுதான். பாதுகாப்புச் சோதனைக்காகக் கேட்பது அது. வெற்றிடம் விட்டால் மனு திரும்பி வரும், அல்லது விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பொய்யால் நிரப்பினால் வருவது வேறு.

கனடாவின் குடியேற்ற, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு அந்த வேறு. முக்கியமான ஒரு செய்தியைத் திரித்துச் சொன்னாலும் மறைத்தாலும், அதனால் அலுவலர் தவறான முடிவுக்கு வரக்கூடுமானால், மனுதாரர் உள்ளே வரத் தகுதியற்றவராகிறார். தடைக்காலம் முன்பு இரண்டு ஆண்டு. 2014 முதல் ஐந்து ஆண்டு. அந்த ஐந்து ஆண்டுக்குள் நிரந்தரக் குடியிருப்புக்கு மறுபடி மனுப் போடவும் முடியாது. பதினேழு மாத வேலையின்மைக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. அதை மூடிமறைத்த ஒரு தாள் ஐந்து ஆண்டைக் கொண்டுவரலாம். நான் கேட்கிறேன்: இந்தக் கணக்கைத் தரகர் யாரிடமாவது சொன்னாரா?

"தரகர் செய்தார், எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பவும் வழி குறைவு. படிவத்தில் கையெழுத்து யாருடையதோ பொறுப்பும் அவருடையதே. 2023இல் பஞ்சாப் மாணவர்கள் பலருக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். இந்தியத் தரகர் வாங்கிக்கொடுத்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதங்கள் போலி என்று ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டன. நாடுகடத்தும் நோட்டீசு தரகருக்கு அல்ல, மாணவருக்கு வந்தது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் கனடா அரசு, உண்மையிலேயே ஏமாற்றப்பட்டவர்களைத் தனித்தனியாக விசாரித்துப் பார்ப்போம் என்று ஜூனில் அறிவித்தது. நமக்காக அப்படிக் கூட்டம் கூடும் என்று யாரும் எண்ணவேண்டாம். கணவன் இங்கே ஒருவனாக, மனைவி அங்கே ஒருத்தியாக இருக்கும் வழக்கு இது.

இனி ஒரு தோழனை எடுத்துக்கொள்வோம். பலரிடம் பார்த்ததை ஒருவன்மேல் ஏற்றிச் சொல்கிறேன். ஆகவே பெயர் தேடவேண்டாம்.

அவன் மாரிக்குப்பத்துக்காரன். தந்தை பாரத் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு அந்த ஊரின் பிள்ளைகளுக்கு ரயில்தானே தொழிற்சாலை வாசல்! விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறி, பெங்களூரில் இறங்கி, இரவில் திரும்பும் அந்தக் கூட்டத்தில் இவனும் ஒருவன். பீன்யாவில் ஒப்பந்தக்காரரிடம் மெஷின் வேலை. 2020 மார்ச் 22 முதல் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு. ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். 2021 ஆகஸ்டு வரை, பதினேழு மாதம், தோழனுக்கு நிலையான வேலை இல்லை. அதில் ஐந்து மாதம் மட்டும் தள்ளுவண்டியில் காய்கறி விற்றான். 2021 செப்டம்பரில் பொம்மசந்திராவில் வேறு வேலை. 2022இல் திருமணம். மனைவி கனடாவில் நிரந்தரக் குடியிருப்பு பெற்ற நர்ஸ். 2023இல் வேலையை விட்டுவிட்டு, வருகையாளர் விசாவில் போய்ப் பார்த்துவந்தான். 2025 ஜூனில் மனு போடப் படிவத்தைத் திறக்கிறான்.

தரகர் யோசனைப்படி அந்தப் பதினேழு மாதத்துக்கு பீன்யாவில் ஒரு கம்பெனியின் லெட்டர் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அலுவலர் எதை எதோடு ஒத்துப் பார்ப்பார்? அதே படிவத்தில் முகவரிகளின் பட்டியலும் பத்து ஆண்டுக்குக் கேட்கப்படுகிறது. அதில் 2020, 21இல் மாரிக்குப்பம் என்று இருக்கிறது. ரயில் ஓடாத மாதங்களில் மாரிக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு பீன்யாவில் நாள்தோறும் எப்படி வேலை பார்த்தான்? அடுத்தது வருங்கால வைப்பு நிதி. பன்னிரண்டு இலக்க உறுப்பினர் எண் ஒன்றின் கீழ் ஒவ்வொரு மாதச் சந்தாவும் பாஸ்புக்கில் ஏறுகிறது. முந்திய வேலையை நிரூபிக்க அந்தப் பாஸ்புக்கை அவனே இணைப்பான். அதில் 2020 மார்ச்சோடு கோடு நிற்கும். லெட்டரில் வேலை தொடரும். மூன்றாவது, எல்லாவற்றையும்விட அபாயமானது, 2023இல் அவனே போட்ட வருகையாளர் விசா மனு. அதிலும் வேலை வரலாறு கேட்டார்கள். அப்போது "வேலையில்லை" என்று எழுதியிருந்தால் இப்போது லெட்டர் பொய். அப்போதே வேறு தரகர் வேறு கம்பெனியை எழுதியிருந்தால் இரண்டுமே பொய். பழைய மனுக்கள் அவர்கள் கணினியிலிருந்து அழிவதில்லை.

ஆகவே புதிதாக ஒரு வரி எழுதுமுன் பழைய மனுவில் என்ன எழுதப்பட்டது என்று பார்க்கவேண்டும். நகல் இல்லையா? தரகரிடம் கேளுங்கள். தர மறுப்பார். அப்போது கனடாவில் இருக்கும் மனைவி, கணவனின் ஒப்புதலைப் பெற்று, தகவல் பெறும் சட்டத்தின் கீழ் ஐந்து டாலர் கட்டி, கோப்பிலுள்ள குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். நாளாகும். பரவாயில்லை. பழைய மனுவில் பொய் இருப்பது தெரிந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திராமல் புதிய மனுவிலேயே திருத்திச் சொல்லவேண்டும். அதனால் நிச்சயம் தப்பிவிடலாம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பழைய பொய்யால் விசா கிடைத்திருந்தால் அது கடுமையான விஷயம். அங்கே ரயில்வே குமாஸ்தாவின் யோசனை போதாது. கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞரோ, அங்குள்ள குடியேற்ற ஆலோசகர் கல்லூரியில் பதிவுபெற்ற ஆலோசகரோதான் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு மனு போட்டுத்தர உரிமம் இல்லாதவர்களுக்கு அந்நாட்டுச் சட்டப்படி உரிமையே கிடையாது. சுவரில் கொடி மாட்டினால் உரிமம் வந்துவிடாது!

நம் தோழன் எழுதவேண்டியது இவ்வளவுதான். 2020 மார்ச் முதல் வேலையில்லை, மாரிக்குப்பம், தந்தை வீடு. காய்கறி விற்ற ஐந்து மாதம் தனி வரியாக: சுயதொழில், தெரு வியாபாரம். பிறகு மறுபடி வேலையில்லை, 2021 ஆகஸ்டு வரை. தள்ளுவண்டியை எழுத வெட்கப்பட்டு அதையும் "வேலையில்லை" என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "சொந்த வர்த்தகம், மேலாளர்" என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். வண்டி வண்டியாகவே இருக்கட்டும். எப்படிச் சாப்பிட்டான் என்று கேட்டால் ஒரு வாக்கியம் போதும்: தந்தை வீட்டில் இருந்தேன், செலவைக் குடும்பம் ஏற்றது. அதற்குச் சான்றாகப் பாஸ்புக்கில் சந்தா நின்ற மாதமும், வங்கிக் கணக்கும் இருந்தால் வைக்கலாம்.

ஒப்பந்தக்காரர் சான்று தராததால் முந்திய வேலையையே நிரூபிக்க முடியவில்லை என்று அழுகிறவர்கள் அதிகம். ஒன்றைக் கேளுங்கள். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளிலேயே, வேலை முடிந்தால் சேவைச் சான்று தரவேண்டும் என்று இருந்தது. 2020இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்பிலும் கேட்டால் அனுபவச் சான்று தரவேண்டும் என்று இருக்கிறது. சட்டப்படி இலவசமாக வரவேண்டிய உண்மைச் சான்றை ஒப்பந்தக்காரர் தருவதில்லை. அந்த இடத்தில் போலிச் சான்று காசுக்கு விற்கிறது. சந்தையைத் திறந்துவைத்தது யார் என்று புரிகிறதா?

இங்கே ஒரு சின்ன விலகல். ரயில்வேயில் எனக்கு மூத்தவர்கள் 1974 மே மாத வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொல்வார்கள். போராடியவர்கள் பலரின் பதிவேட்டில் "பிரேக் இன் சர்வீஸ்" என்று எழுதிப் பழிவாங்கினார்கள். 1977இல் ஆட்சி மாறியபிறகு அது மன்னிக்கப்பட்டது. அந்த இடைவெளியை எந்தத் தொழிலாளியும் வெட்கப்பட்டு மறைத்ததாக நான் கேட்டதில்லை. ரயில் நின்றதால் வேலை போனவன் மட்டும் ஏன் தலைகுனியவேண்டும்?

இனி அந்தப் பதினொரு நாள்.

தோழன் 2023 மார்ச் 4ஆம் தேதி டொரோண்டோவில் இறங்கினான். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் 2029 என்று தேதி. அதுவரை இருக்கலாம் போலும் என்று எண்ணினான். நம்மில் பலர் விழும் குழி இது. விசாவில் உள்ள தேதி உள்ளே நுழைவதற்கான கடைசி நாள். தங்கக்கூடிய காலம் வேறு. எல்லை அதிகாரி வேறு தேதி எழுதித்தராவிட்டால், வருகையாளர் நுழைந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் இருக்கலாம். செப்டம்பர் 4இல் கெடு முடிந்தது. அவன் விமானம் ஏறியது செப்டம்பர் 15. பதினொரு நாள். கெடுவுக்கு முன் நீட்டிப்புக் கேட்டிருந்தால் பதில் வரும்வரை சட்டப்படியே இருந்திருக்கலாம். கெடு தவறினாலும் தொண்ணூறு நாளுக்குள் நிலையை மீட்கக் கேட்கும் வழி உண்டு. அவனுக்கு இரண்டும் தெரியவில்லை.

"யாருக்குத் தெரியப்போகிறது?" என்கிறார் தரகர். அவர்களுக்குத் தெரியும். 2020 முதல் விமானத்தில் நாட்டைவிட்டு வெளியேறுவோரின் விவரமும் கனடா எல்லைத்துறைக்குப் போகிறது. வந்த நாளும் போன நாளும் கோப்பில் இருக்கும்போது, தன்வரலாற்றுப் பட்டியலில் "அந்நாட்டில் உங்கள் நிலை" என்ற கட்டத்தில் செப்டம்பர் 15 வரை "வருகையாளர்" என்று எழுதினால் என்ன ஆகும்? வரியை இரண்டாக்கவேண்டும். மார்ச் 4 முதல் செப்டம்பர் 4 வரை வருகையாளர். அடுத்த நாள் முதல் 15 வரை நிலை இல்லை.

அதனால் மனு செத்துவிடுமா? வெளியேற்ற ஆணை எதுவும் பிறக்காமல், தானாகவே, தன் டிக்கெட்டில் கிளம்பியவனுக்கு இத்தனை ஆண்டுத் தடை என்று தானாக எதுவும் விழுவதில்லை. அதிகாரி கையில் ஏதாவது தாள் கொடுத்தாரா என்பதுதான் முதல் கேள்வி. விலக்கல் ஆணை கொடுத்திருந்தால் பொதுவாக ஓராண்டு திரும்ப முடியாது. நாடுகடத்தல் ஆணையானால் தனி அனுமதியில்லாமல் திரும்பவே முடியாது. நம் தோழனிடம் அப்படித் தாள் இல்லை. தங்கிய காலத்தில் எங்காவது கூலிக்கு வேலை செய்தானா என்பது இரண்டாவது கேள்வி. அவன் செய்யவில்லை. செய்தவர்கள் அதையும் மறைக்காமல் முதலில் வழக்கறிஞரிடம் சொல்லவேண்டும்.

இப்போது அந்த டாக்டர் சர்டிபிகேட்டுக்கு வருகிறேன். மனைவிக்கு ஜூலையில் குழந்தை பிறந்தது உண்மை. அதை நீட்டி, செப்டம்பரில் உடல்நலக்குறைவு என்று எழுதலாமே என்கிறார் தரகர். ஆனால் தோழனின் விமான டிக்கெட்டைப் பாருங்கள். பிப்ரவரியிலேயே, போகுமுன்பே, போகவர வாங்கியது. திரும்பும் தேதி செப்டம்பர் 15 என்று அப்போதே அச்சாகியிருக்கிறது. பிப்ரவரியில் குறித்த தேதிக்கு செப்டம்பர் நோய் எப்படிக் காரணமாகும்? ஒரே டிக்கெட் பொய்யை உடைக்கிறது, உண்மையைக் காக்கிறது. தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கும், திரும்பும் எண்ணத்தோடே போனதற்கும் அதைவிட நல்ல சாட்சி இல்லை. கையில் உண்மைச் சாட்சியை வைத்துக்கொண்டு வெளியே பொய்ச் சாட்சியைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள்!

இன்னொரு வகை நண்பர்களையும் சொல்லியாகவேண்டும். இவர்கள் பொய் சொல்லமாட்டார்கள். ஆறு பக்கம் எழுதுவார்கள். "சமூகம் அய்யா அவர்களுக்கு" என்று தொடங்கி, குடும்பத்தின் வறுமை, தந்தையின் நோய், கடவுள் அருள், மன்னிப்பு, மறுபடி மன்னிப்பு. தாசில்தார் ஆபீசில் பழகிய கை. அலுவலர் தேடும் நான்கு தேதிகள் அந்தக் கண்ணீரில் மூழ்கிப்போகும். விளக்கக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்பேன். தோழனுக்கு நான் சொல்லும் வாசகம் இது:

"2023 மார்ச் 4இல் வருகையாளராகக் கனடாவில் நுழைந்தேன். என் அனுமதிக் காலம் செப்டம்பர் 4இல் முடிந்தது. செப்டம்பர் 15இல் வெளியேறினேன். பதினொரு நாள் அனுமதியின்றித் தங்கியிருந்தேன். விசாவில் இருந்த 2029 என்ற தேதியைத் தங்கும் காலம் என்று தவறாகப் புரிந்துகொண்டேன். பயணத்துக்கு முன் பிப்ரவரியில் வாங்கிய டிக்கெட்டிலேயே திரும்பும் நாள் செப்டம்பர் 15 என உள்ளது, இணைத்துள்ளேன். அந்நாட்களில் நான் வேலை செய்யவில்லை. எனக்கு வெளியேற்ற ஆணை எதுவும் தரப்படவில்லை. என் வேலை வரலாற்றில் 2020 மார்ச் முதல் 2021 ஆகஸ்டு வரை உள்ள காலம் படிவத்தில் உள்ளபடி உண்மையானது. வைப்பு நிதிப் பாஸ்புக்கை இணைத்துள்ளேன்."

இதை எளிய ஆங்கிலத்தில் எழுதவேண்டும். தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் சேர்த்து வைக்கவேண்டும். டிக்கெட், விமானத்தில் ஏறிய சீட்டு, பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்கள், பாஸ்புக் ஆகியவற்றைக் கடிதத்தில் சொன்ன வரிசையிலேயே அடுக்கவேண்டும். கனடாவில் இருக்கும் மனைவியும் தன் படிவத்தில் அவன் வந்துபோன தேதிகளை இதே மாதிரி எழுதவேண்டும். இருவரும் தனித்தனியாக நினைவிலிருந்து எழுதி, இரண்டு நாள் முன்பின்னாகி, வீண் சந்தேகத்தை வாங்கிக்கொள்ளும் தம்பதிகள் உண்டு. பாஸ்போர்ட்டை எடுத்துவைத்துப் போனில் ஒருமுறை வாசித்துச் சரிபார்ப்பது பத்து நிமிட வேலை.

இதற்குப் பிறகும் சந்தேகம் வந்தால், மறுக்குமுன் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பெரும்பாலும் முப்பது நாள் தருவார்கள். அந்தக் கடிதம் தரகரின் மின்னஞ்சலுக்குப் போய், அவர் பார்க்காமல் விட்டு, கெடு தவறிய கதைகளும் இருக்கின்றன. மனுவில் தருகிற மின்னஞ்சல் உங்களுடையதாகவே இருக்கட்டும். வெளியிலிருந்து போட்ட குடும்ப வகுப்பு மனு மறுக்கப்பட்டால் மனைவி அங்குள்ள குடியேற்ற மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். பொய் சொன்னதாகக் கூறி மறுத்தால்கூடத் துணைவருக்கு அந்த வழி மூடப்படவில்லை. கணவன் கனடாவுக்குள் இருந்தபடியே போடும் வகுப்பில் அந்த மேல்முறையீடு கிடையாது. எங்கிருந்து மனு போடுவது என்று முடிவெடுக்கும்போதே இதை யோசிக்கவேண்டும். தரகர் சொல்லமாட்டார்.

நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மண்டபம் எடுக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் அதே மண்டபத்தில் மேசை போட்டு உட்காருவோம். மனு எழுதித்தர அல்ல, அதற்கு நமக்கு உரிமம் இல்லை. பாஸ்புக்கை இறக்கிக்கொடுக்கவும், ஒப்பந்தக்காரருக்குச் சான்று கேட்டுப் பதிவுத் தபால் எழுதவும், பத்து ஆண்டு மாதங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப்பார்க்கவும் உட்காருவோம். வருபவர்கள் பழைய பாஸ்போர்ட்டையும், ஏற்கெனவே போட்ட மனுக்களின் நகல்களையும் மறக்காமல் கொண்டுவரவேண்டும்.